எந்த நாளிலிருந்து கணக்கு? உயிர்மச் சான்றும் மாறுதல் காலமும்

உயிர்ம வேளாண் தொழில் தொடங்க நினைக்கும் மாணவர்கள் எந்தப் பயிர், எந்தச் சந்தை, என்ன விலை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் நிலம் வைத்திருப்பவரிடம் நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: எந்த மாதத்தில் பதிவு செய்யப்போகிறீர்கள்? மானாவாரியை நம்பியிருக்கும் ஊரில் அந்த மாதம் தவறினால் ஓராண்டு வருமானம் தள்ளிப்போகும்.

ஏற்றுமதிக்கும் உள்நாட்டுக்கும் செல்லுபடியாகும் சான்றுக்கு அடிப்படை, மத்திய வணிக அமைச்சகத்தின்கீழ் உள்ள அபீடா நடத்தும் தேசிய உயிர்ம உற்பத்தித் திட்டம். சுருக்கமாக என்.பி.ஓ.பி. என்பார்கள். அதன் எட்டாம் பதிப்பு 2025 ஜனவரியில் வெளியானது. தமிழ்நாட்டில் இந்தச் சான்றை வழங்கும் அரசு அமைப்பின் தலைமையகம் கோயம்புத்தூரில் இருக்கிறது. விதைச்சான்றையும் உயிர்மச்சான்றையும் ஒரே துறை பார்ப்பதால், புதுக்கோட்டையில் உள்ள அதன் உதவி இயக்குநர் அலுவலகத்திலேயே விண்ணப்பத்தைத் தொடங்கலாம். பழைய படிவங்களிலும் செய்திகளிலும் 'அங்ககச் சான்று' என்று இருக்கும். இரண்டும் ஒன்றே.

ரசாயனத்தை நிறுத்திய நிலத்துக்கு உடனே சான்று கிடைக்காது. விதிப்படி நடந்து காட்ட வேண்டிய இடைக்காலம் ஒன்று உண்டு. அதுதான் மாறுதல் காலம். நிலக்கடலை, உளுந்து, நெல் போன்ற ஆண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டு, முந்திரி, தென்னை, பலா போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டு. இது பலருக்கும் தெரியும். அந்த ஆண்டுகள் எதுவரை எண்ணப்படுகின்றன என்பதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆண்டுப் பயிரில் இரண்டு ஆண்டு முடிந்த பிறகு விதைத்த பயிரே உயிர்மப் பயிர், அதாவது விதைப்பு நாள்வரை கணக்கு. பல்லாண்டுப் பயிரில் மூன்று ஆண்டு முடிந்த பிறகு எடுக்கும் மகசூலே உயிர்ம மகசூல், அதாவது அறுவடை நாள்வரை கணக்கு. ஒரே நிலம், ஒரே நாளில் பதிவு என்றாலும் கடலைக்கும் முந்திரிக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

ஐந்து ஏக்கரில் ஒரு கணக்கு

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு ஆதனக்கோட்டைப் பக்கம் ஐந்து ஏக்கர் செம்மண் நிலம். மூன்று ஏக்கரில் ஆடிப் பட்டத்தில் மானாவாரிக் கடலை, இரண்டு ஏக்கரில் காய்ப்புக்கு வந்த முந்திரி. கடலை விதைப்பு மழையைப் பொறுத்து ஜூலை கடைசியை ஒட்டி நடக்கும். முந்திரிக்கொட்டை பொறுக்குவது மார்ச்சில் தொடங்கி மே வரை போகும்.

அவர் 2026 பிப்ரவரி 20ஆம் தேதி பதிவு செய்தார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டு 2028 பிப்ரவரியில் முடிகிறது. அந்த ஆண்டு ஆடியில் விதைக்கும் கடலை உயிர்மக் கடலை, அக்டோபர், நவம்பரில் கைக்கு வரும். முந்திரிக்கு மூன்று ஆண்டு 2029 பிப்ரவரியில் முடிகிறது. மார்ச்சில் பொறுக்கும் முதல் கொட்டையே உயிர்மக் கொட்டை. இரண்டு பயிரிலும் ஒரு பருவம்கூட வீணாகவில்லை.

அதே மாணவி கோடையில் செமஸ்டர் தேர்வு, ஊர்த் திருவிழா என்று இழுத்து 2026 ஆகஸ்ட் 20இல் பதிவு செய்தால் இரண்டு ஆண்டு 2028 ஆகஸ்ட் 20இல்தான் முடியும். அந்த ஆடிக் கடலை அதற்குள் முளைத்து நிற்கும். நிலத்தில் எந்தத் தவறும் நடக்காவிட்டாலும் அந்தக் கடலைக்கு முழுச் சான்று கிடையாது. மழை ஆவணி கடைசிக்குத் தள்ளிப்போய் விதைப்பும் தள்ளிப்போனால் தப்பிக்கலாம், ஆனால் அதை நம்பித் தொழில் திட்டம் போட முடியாது. மானாவாரியில் அடுத்த ஆடி 2029இல். முந்திரியிலும் இதே கதைதான். மூன்று ஆண்டு 2029 ஆகஸ்டில் முடியும்போது அந்த ஆண்டுப் பருவம் கடந்திருக்கும். முதல் உயிர்மக் கொட்டை 2030 மார்ச்சில். ஆறு மாதத் தாமதத்துக்கு இரண்டு பயிரிலும் ஓராண்டு விலை.

தாமதமாகப் பதிவு செய்தவருக்கு ஒரு வழி உண்டு. 2028 ஆடியில் அந்த மூன்று ஏக்கரைக் கடலைக்குக் கொடுக்காமல் புரட்டாசிப் பட்டத்தில் உளுந்து விதைத்தால், அந்த உளுந்து முழு உயிர்மப் பயிர்தான். வம்பனில் உள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட உளுந்து ரகங்கள் இந்த மாவட்டத்துக்குப் பழகியவை. கடலை வருமானத்தை உளுந்து ஈடுகட்டுமா என்பதை அவரவர் நிலத்தின் பழைய விளைச்சலை வைத்துப் பார்க்க வேண்டும். பயிர் சுழற்சிக்கு அது எப்படியும் நல்லது.

மாறுதல் காலத்தில் விளைவதை எப்படி விற்பது என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். முதல் பன்னிரண்டு மாதத்தில் விளைந்ததைச் சாதாரண விளைபொருளாகத்தான் விற்க முடியும். அதற்குப் பிறகு விளைந்ததை 'மாறுதல் காலத்தில் உள்ள உயிர்ம விளைபொருள்' என்று குறிப்பிடலாம். பிப்ரவரியில் பதிவு செய்தவருக்கு 2026 ஆடிக் கடலை சாதாரணக் கடலை, 2027 ஆடிக் கடலை மாறுதல் காலக் கடலை. அந்த முத்திரைக்குக் கூடுதல் விலை கொடுக்கும் வியாபாரிகள் சிலர்தான். தொழில் திட்டத்தில் அந்த ஆண்டுகளுக்கு மண்டி விலையையே போடுங்கள். கூடக் கிடைத்தால் லாபம். ஆனால் உரத்தை நிறுத்திய முதல் இரண்டு பருவங்களில் விளைச்சல் குறையக்கூடும். குறைந்த விளைச்சல், சாதாரண விலை என்ற இந்த இரட்டை அடியைத் தாங்கப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் இல்லாத திட்டத்தை வங்கி மேலாளர் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பதிவு நாள்

பதிவு என்றால் படிவத்தை நீட்டிய நாள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாறுதல் காலம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதைச் சான்று அமைப்பு எழுத்தில் தர வேண்டும், நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். ஒரு காகிதம் குறைந்தால் விண்ணப்பம் மேசையிலேயே கிடக்கும், நாள் ஓடும்.

கேட்கப்படும் காகிதங்கள் இவை: விண்ணப்பப் படிவமும் துறையுடனான ஒப்பந்தமும் மும்மூன்று படிகள், பண்ணையின் பொது விவரக் குறிப்பு, பண்ணை வரைபடம், மண் மற்றும் பாசன நீர்ப் பரிசோதனை முடிவு, ஆண்டுப் பயிர்த் திட்டம், நில ஆவணம், ஆதார், பான் அட்டை நகல்கள், புகைப்படம். துறை அறிவித்து வந்திருக்கும் கட்டணம் சிறு, குறு விவசாயிக்கு 2,700 ரூபாய், மற்ற விவசாயிகளுக்கு 3,200, குழுவுக்கு 7,200, வணிக நிறுவனத்துக்கு 9,400. விண்ணப்பிக்கும் முன் அன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு விவசாயி கட்டணம் வேண்டுமென்றால் வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று கையில் இருக்கட்டும்.

இந்தக் காகிதங்களில் மாணவர்களைத் தடுக்கி விழவைப்பது நில ஆவணம். பட்டா தாத்தா பேரில் இருக்கும், அல்லது அப்பாவும் சித்தப்பாவும் அத்தையும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும். விண்ணப்பம் போடுபவர் பேரில் ஒரு சென்ட்கூட இருக்காது. அப்போது நில உடைமையாளர்கள் எல்லோரும் கையெழுத்திட்ட குத்தகை ஒப்பந்தம் வேண்டும். அதன் காலம் மாறுதல் காலத்தைத் தாண்டியும் இருக்க வேண்டும். மூன்று ஆண்டுக் குத்தகையில் முந்திரியை மாற்றத் தொடங்கினால், முதல் உயிர்மக் கொட்டை விழும் நேரத்தில் நிலம் சித்தப்பாவிடம் போயிருக்கும்.

வரைபடத்துக்குக் கையால் வரைந்த தாள் போதும். ஆனால் கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ இணையத்திலோ கிடைக்கும் புலப்படத்தை அடியில் வைத்து வரையுங்கள். கிணறு, வரப்பு, மழைத்தண்ணீர் எந்தப் பக்கமிருந்து இறங்குகிறது, நான்கு பக்கமும் யார் நிலம், அங்கே என்ன பயிர், என்ன மருந்து அடிக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆய்வாளர் பாதி ஆய்வை அந்தத் தாளிலேயே முடித்துவிடுவார்.

தரிசு நிலத்தின் சலுகை

இந்த மாவட்டத்தில் பல ஆண்டுகளாக உழவு காணாமல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் நிலங்கள் நிறைய. ரசாயனமே படாத அந்த நிலத்துக்கும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டுமா? போதிய ஆதாரம் இருந்தால் மாறுதல் காலத்தைக் குறைக்க விதியில் இடம் உண்டு. நிபந்தனைகளுக்கு உட்பட்டு மூன்று ஆண்டுவரை குறைக்கலாம் என்பது 2025ஆம் ஆண்டின் எட்டாம் பதிப்பில் உள்ள ஏற்பாடு. முடிவு சான்று அமைப்பின் கையில், அது தானாக வரும் உரிமை இல்லை.

ஆதாரம் என்றால் முதலில் அடங்கல். ஒவ்வொரு பசலியிலும் அந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று கிராமக் கணக்கில் எழுதியிருக்கும். தொடர்ந்து தரிசு என்று பதிவாகியிருந்தால் அதன் நகலை வாங்கி வையுங்கள். மண்ணில் மருந்து எச்சம் இல்லை என்ற ஆய்வக முடிவும் சேர்ந்தால் நல்லது. இவையெல்லாம் நிலத்தைத் தொடுவதற்கு முன் நடக்க வேண்டும். ஆய்வாளர் வந்து தரிசைத் தரிசாகவே பார்க்க வேண்டும். ஆர்வக்கோளாறில் முதலில் நிலத்தைத் திருத்திவிட்டு அப்புறம் விண்ணப்பம் போடுகிறார்கள். திருத்தும் ஒப்பந்தக்காரர் கருவேலங் கட்டை துளிர்க்காமல் இருக்கட்டும் என்று களைக்கொல்லியை ஊற்றிவிட்டுப் போனால் சலுகையும் போச்சு, கணக்கும் அன்றிலிருந்துதான். கட்டையை வேரோடு பொக்லைனில் தோண்டிப் போடச் சொல்லுங்கள், கூடுதல் செலவானாலும்.

நிலத்தைத் தேற்றுவது எப்படி என்று கண்ணால் பார்க்க விரும்புபவர்கள் கீரனூர் அருகே ஒடுகம்பட்டியில் 'குடும்பம்' அமைப்பு நடத்தும் கொழுஞ்சிப் பண்ணைக்கு ஒரு நாள் போய் வரலாம். சான்று பற்றிய நூல் சொல்லாத விஷயங்கள் அங்கே மண்ணில் கிடக்கின்றன.

எதில் மாட்டிக்கொள்வார்கள்

வேண்டுமென்றே யூரியா போட்டு மாட்டிக்கொள்பவர்கள் குறைவு. தெரியாமல் நுழைவதுதான் அதிகம், கடலையில் அது விதையிலேயே தொடங்குகிறது. கடையிலும் கிடங்கிலும் வாங்கும் விதைப்பருப்பு பெரும்பாலும் பூஞ்சாணக் கொல்லி தடவி நிறமேற்றி வரும். அந்த விதையை மண்ணில் போட்ட நாளே விதி மீறிய நாள். உயிர்ம விதை கிடைக்காவிட்டால் மருந்து தடவாத சாதாரண விதையை, சான்று அமைப்பிடம் சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம். பக்கத்து ஊர் விவசாயியிடம் காயாக வாங்கி, வீட்டில் உடைத்து, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, பிறகு ரைசோபியம் கலந்து விதைப்பது எளிய வழி. வாங்கியதற்கு ஒரு துண்டு ரசீதாவது எழுதி வாங்குங்கள்.

அடுத்தது ஜிப்சம். கடலைக்கு 40, 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். காய் பொக்காகாமல் இருக்க அது தேவை. வெட்டியெடுத்த கனிம ஜிப்சத்துக்கு உயிர்ம விதியில் அனுமதி உண்டு. உர ஆலையில் பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும்போது கழிவாக வரும் பாஸ்போ ஜிப்சம் அதே வெள்ளைத் தூளாக, அதே மூட்டையில் வரும், அதற்கு அனுமதி இல்லை. கண்ணால் பிரித்தறிய முடியாது. ரசீதில் 'ஜிப்சம்' என்று மட்டும் இருந்தால் போதாது, எங்கிருந்து வந்தது என்று எழுதித் தரும் கடையில்தான் வாங்க வேண்டும். கோழி எருவிலும் கவனம் வேண்டும். கூண்டில் அடைத்து வளர்க்கும் பெரும் பண்ணையின் எருவை லாரியில் இறக்குவதற்கு முன் ஆய்வாளரிடம் கேளுங்கள்.

அப்புறம் சாக்கு. ஆய்வாளர் வயலைச் சுற்றிவிட்டு அப்பாவோடு வீட்டுத் திண்ணையில் உட்காருகிறார். மூலையில் கடலை மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன, மேலே மழைச்சாரலுக்குப் போர்த்திய சாக்கில் யூரியா நிறுவனத்தின் பெயர்.

"இந்தச் சாக்கு ஏதுங்க ஐயா?"

"அது பழைய சாக்கு சார். அஞ்சு வருஷத்துக்கு முந்தி வாங்குனது."

"சரிங்க. அதை எப்படி நான் எழுதறது?"

அப்பா சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆய்வாளரின் அறிக்கையில் அந்தச் சாக்கு ஏறிவிடும். உரச்சாக்கில் விளைபொருளை அள்ளுவதே தவறு. பதிவு செய்த வாரத்திலேயே வீட்டிலும் மோட்டார் கொட்டகையிலும் கிடக்கும் பழைய சாக்கு, மருந்து டப்பா எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். வாடகைத் தெளிப்பானும் அப்படித்தான். முந்திரியில் துளிரையும் பூங்கொத்தையும் கருக்கும் தேயிலைக் கொசுவுக்கு வேப்பெண்ணெய் அடிக்கப்போய், முந்தின நாள் பூச்சிமருந்து அடித்த தெளிப்பானைக் கழுவாமல் வாங்கி வந்தால், இலையில் எச்சம் வந்துவிடும். தெளிப்பான் மட்டும் சொந்தமாக இருக்கட்டும்.

பக்கத்து முந்திரித் தோப்பில் அடிக்கும் மருந்து காற்றில் வருவதை எப்படித் தடுப்பது என்று கேட்பார்கள். முழுதாகத் தடுக்க முடியாது. எல்லையில் உயர வேலி அல்லது மர வரிசை வைத்து, அதை ஒட்டிய உங்கள் முந்திரி வரிசையை இடைவெளிப் பட்டையாக ஒதுக்கி, அதில் விழும் கொட்டையைத் தனியாகப் பொறுக்கிச் சாதாரண விலைக்கு விற்க வேண்டும். எத்தனை மீட்டர் என்பதை நிலத்தைப் பார்த்து ஆய்வாளர் சொல்வார். மேட்டு நிலக்காரரின் மழைத்தண்ணீர் உங்கள் வயலில் இறங்கினால் வரப்பை உயர்த்தி, தண்ணீரை ஓரமாகத் திருப்பும் வாய்க்கால் ஒன்று வெட்டுங்கள். இரண்டு ஏக்கர் முந்திரியில் ஒரு வரிசையை இழப்பது வலிக்கத்தான் செய்யும். திட்டம் போடும்போதே அதைக் கழித்துவிடுங்கள்.

பண்ணைப் பதிவேடும் ஆய்வாளரின் கணக்கும்

சான்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவது. ஒவ்வொரு ஆண்டும் ஆய்வு உண்டு. ஆய்வாளர் வயலைவிடப் பதிவேட்டைத்தான் கூர்ந்து பார்ப்பார், அவர் அங்கே போடுவது வரவு செலவுக் கணக்கு. மூன்று ஏக்கர் கடலைக்கு ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு என்றால் 150 கிலோவுக்கு ரசீது அல்லது சொந்த விதைப் பதிவு இருக்க வேண்டும். 60 கிலோவுக்கு மட்டும் இருந்தால் மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்பார். மானாவாரியில் ஏக்கருக்கு 700 கிலோ காய் என்று நீங்களே மதிப்பீடு கொடுத்திருந்தால் மூன்று ஏக்கருக்கு 2,100 கிலோ. விற்பனையில் மூன்று டன் காட்டினால், பக்கத்து வயல் கடலையும் உங்கள் சாக்கில் ஏறியிருக்கிறது என்றுதான் அர்த்தம். அபீடாவின் டிரேஸ்நெட் என்ற இணையப் பதிவு இந்த அளவுகளை வைத்துத்தான் நடக்கிறது. அங்கே பதிவான விளைச்சலுக்கு மேல் ஒரு கிலோவுக்கும் பரிவர்த்தனைச் சான்று கிடைக்காது.

குழுவா, தனியா

உள்ளூரில் விற்பது மட்டுமே நோக்கம் என்றால் பி.ஜி.எஸ். என்ற பங்கேற்புச் சான்று இருக்கிறது. 2011இல் தொடங்கிய இந்த முறையில் குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்கிறார்கள். மாறுதல் காலத்தில் பி.ஜி.எஸ். கிரீன், முடிந்தபின் பி.ஜி.எஸ். ஆர்கானிக். செலவு குறைவு, ஆனால் ஏற்றுமதிக்கு இது செல்லாது. விளைவித்தவரே நேரடியாக நுகர்வோருக்கு விற்று ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால், 2017ஆம் ஆண்டின் உயிர்ம உணவு ஒழுங்குமுறையில் சான்றிலிருந்தே விலக்கு உண்டு. ஜைவிக் பாரத் முத்திரையை மட்டும் போடக் கூடாது. புதுக்கோட்டை, திருச்சியில் பத்து இருபது வீடுகளுக்குக் கடலை எண்ணெய் கொடுக்க நினைப்பவருக்கு என்.பி.ஓ.பி. தேவையற்ற சுமை என்பதே என் எண்ணம்.

ஏற்றுமதிதான் குறி என்றால் என்.பி.ஓ.பி. குழுச் சான்று பொருத்தம். குறைந்தது 25, அதிகம் 500 விவசாயிகள் சேரலாம். எட்டாம் பதிப்பின்படி அந்தக் குழு சட்டப்படி பதிவான அமைப்பாக இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு அனுப்புவது வேறு விஷயம். இந்தியச் சான்றை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை அமெரிக்க வேளாண் துறை 2021இல் முடித்துக்கொண்டது. அங்கே அனுப்ப அவர்கள் விதிப்படி நேரடிச் சான்று வேண்டும்.

வறுக்கும் அடுப்பில்

கடைசியாக, முந்திரியை மதிப்புக் கூட்டி விற்க நினைப்பவர்களுக்கு. ஆதனக்கோட்டையில் புதுக்கோட்டை - தஞ்சாவூர்ச் சாலையோரம் கொட்டையை வறுத்து, கையால் உடைத்துப் பருப்பாக விற்பது பழைய தொழில். உங்கள் தோப்புக்குச் சான்று இருக்கலாம். ஆனால் வறுக்கும் இடத்துக்குச் சான்று இல்லையென்றால், அங்கிருந்து வெளிவரும் பருப்பைச் சான்று பெற்ற உயிர்மப் பருப்பு என்று விற்க முடியாது. பண்ணைச் சான்று கொட்டையோடு நின்றுவிடுகிறது. பதப்படுத்துவதற்கும் வியாபாரத்துக்கும் தனித்தனி விண்ணப்பம் உண்டு. சாதாரணக் கொட்டை வறுக்கும் அதே இடத்தில் உங்கள் கொட்டையையும் வறுக்கலாம், ஆனால் வேறு நேரத்தில், சட்டியையும் உடைக்கும் கட்டையையும் சுத்தம் செய்தபின், தனிச் சாக்கில், தனிப் பதிவேட்டுடன். இதற்கு அந்த இடத்தின் உரிமையாளர் சம்மதித்து, அவரும் ஆய்வுக்கு உட்பட வேண்டும். அந்த விண்ணப்பத்தைப் போடச் சரியான நேரம் முந்திரிக்கு மாறுதல் காலத்தின் மூன்றாம் ஆண்டு. பிப்ரவரியில் பதிவு செய்த மாணவிக்கு அது 2028 நடுவில் வரும். அதற்குள் பேச்சு முடியவில்லையென்றால் 2029 மார்ச்சில் விழும் முதல் கொட்டையைப் பச்சையாகவே உயிர்ம வியாபாரிக்கு விற்றுவிட்டு, வறுப்பை அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.